செல்விக்கு, சிவராத்திரி வாழ்த்து

அன்புள்ள செல்வி,

அம்மாவுக்குத் தலைத்திவசம் முடிந்து வரும் முதல் சிவராத்திரி இது. அவர்கள் வருஷம் தவறாமல் உட்கார்ந்த திருவைகாவூர் பிராகாரத்தில் இந்த வருஷம் நீ உட்காரப்போகிறாய் என்று அண்ணி போனில் சொன்னதிலிருந்து மனசு நிறைந்து கிடக்கிறது. கோயம்புத்தூரில் லீவு கிடைக்கவில்லை. அதனால் என் பங்குக்கு இந்த வாழ்த்து. முதல் கால அபிஷேகத்துக்கு மணி அடிப்பதற்குள் படித்துவிடு.

நாலு காலமும் உனக்கு நல்லபடியாக அமையட்டும். அம்மாவைப் போல உன்னால் முழு ராத்திரியும் விழிக்க முடியுமா என்று பயப்படுகிறாயாம். அந்தக் கோயிலில் உட்கார்ந்துகொண்டு அந்தப் பயமே வேண்டாம். அங்கே முதன்முதலில் சிவராத்திரி விழித்த வேடனுக்கு அது சிவராத்திரி என்றே தெரியாது. புலி துரத்தி வில்வ மரத்தில் ஏறியவன், தூங்கினால் விழுந்துவிடுவோமே என்று இலையைக் கிள்ளிக் கிள்ளிக் கீழே போட்டான். விரதம் இல்லை, மந்திரம் இல்லை. வெறும் பயத்தில் முழித்தவனையே சாமி ஏற்றுக்கொண்டார். விடிந்ததும் அவனைக் கொண்டுபோக வந்த எமனை உள்ளே விடக்கூடாது என்றுதான் அங்கே நந்தி சாமியைப் பார்க்காமல் வாசலைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறது. அந்த நந்தி உனக்கும் உன் வீட்டுக்கும் காவலாக இருக்கட்டும். கண் அசந்தால் அசரட்டும். முகம் கழுவிவிட்டு மறுபடி வந்து உட்கார், அது போதும்.

வில்வத்தை நேற்றே பறித்து வைத்திருப்பாய். சதுர்த்தசியில் பறிக்கக்கூடாது என்று அம்மா முதல் நாளே கூடையோடு கிளம்பிவிடுவார்கள். திண்ணையில் உட்கார்ந்து ஒவ்வொரு இணுக்காகத் திருப்பிப் பார்ப்பார்கள். மூன்று இதழும் முழுசாக இருக்க வேண்டும், பூச்சி அரித்த ஓட்டை இருக்கக்கூடாது, முள்ளை நகத்தால் கிள்ளி எறிந்துவிட்டு ஈரத்துணியில் சுற்றுவார்கள். இன்றைக்கு உன் கையிலிருந்து குருக்கள் வாங்கும் வில்வம் அதே மாதிரி குளுமையாக இருக்கும் என்று எனக்குத் தெரியும்.

நடுராத்திரி லிங்கோத்பவ காலத்தில் கூட்டம் நெருக்கும். கருவறைக்குப் பின்பக்கக் கோஷ்டத்தில் லிங்கோத்பவர் முன்னால் உனக்கு ஒரு நல்ல இடம் கிடைக்கட்டும். அம்மா பேரையும் அங்கே ஒரு தடவை சொல்லிவிடு. அழுகை வந்தால் அடக்காதே. பக்கத்தில் இருப்பவர்களில் பாதிப் பேருக்கு அவர்களைத் தெரியும், யாரும் ஒன்றும் நினைக்க மாட்டார்கள்.

எனக்கு உன்னைப் பற்றிக் கவலை அதற்கு அப்புறம்தான். இரண்டு மணிக்கு மேல் கூட்டம் கலைந்துவிடும். குழந்தைகளை வைத்துக்கொண்டு வந்தவர்கள் கிளம்பிவிடுவார்கள். கருங்கல் தரை சில்லென்று ஏறும். மாசிப் பனி மச்சைத் துளைக்கும் என்று நம் பக்கத்தில் சும்மாவா சொல்கிறார்கள்! அந்த இரண்டு மணி நேரம் உனக்குத் துணை இருக்கட்டும்: தோளோடு தோள் உட்காரும் ஒரு பாட்டி, தொண்டை கட்டினாலும் பதிகத்தை விடாத ஒரு குரல், யாராவது நீட்டும் ஒரு டம்ளர் சுக்குக் காப்பி. ஜமக்காளத்தை இரண்டாக மடித்துப் போட்டுக்கொள். பிரஷர் மாத்திரையை விரதம் என்று தள்ளிவிடாதே, தண்ணீரோடு போட்டுக்கொண்டால் சாமி கோபிக்க மாட்டார்.

உங்கள் வீட்டில் அறுவடை முடிந்து வயலில் உளுந்து பூத்திருப்பதாக அண்ணி சொன்னார்கள். அது நன்றாகக் காய் பிடிக்கட்டும். வருகிற ஜூன் 12-க்கு மேட்டூர் திறந்து குறுவைக்குத் தண்ணீர் தட்டில்லாமல் வரட்டும். தம்பிக்கு இந்த வருஷமாவது வரன் அமையட்டும். இதையெல்லாம் நானும் இங்கே கோயிலில் வேண்டிக்கொள்கிறேன். எங்கள் தெரு முனை ஈஸ்வரன் கோயிலில் இரண்டு காலம் வரை இருப்பேன். மூன்றாம் காலத்துக்கு நீ உட்கார்ந்திருக்கும்போது நானும் வீட்டில் விளக்கை வைத்துக்கொண்டு முழித்திருப்பேன்.

சிவசிவ என்று குளிரும் இந்த ராத்திரியோடு போய்விடும். நாளைக்குப் பகலில் படுத்துவிடாதே, சாயங்காலம் விளக்கேற்றிய பிறகு தூங்கு. நீ தூங்கி எழுந்த பிறகே கூப்பிடுகிறேன், அதுவரை போனை அணைத்து வை. விபூதியும் ஒரு இணுக்கு வில்வமும் எனக்கு எடுத்து வை. பங்குனியில் ஊருக்கு வரும்போது வாங்கிக்கொள்கிறேன்.

அன்புடன்,
மீனா