சிங்கப்பூர் டாக்சி, சுற்றுலாத் தொகுப்புகள்: வழித்தடமும் விலையும்

ஊரிலிருந்து அப்பா அம்மா வருகிறார்கள், உங்களுக்கு லீவு இல்லை. எங்களுக்கு வரும் அழைப்புகளில் பாதி இப்படித்தான் ஆரம்பிக்கும். அவர்களைக் கூட்டிக்கொண்டு போய்ப் பத்திரமாக வீடு சேர்ப்பதுதான் எங்கள் வேலை. ஓட்டுநர்கள் எல்லோரும் தமிழ் பேசுவார்கள்.

கீழே உள்ள விலை எல்லாம் ஒரு வண்டிக்கு, தலைக்கு அல்ல. சிங்கப்பூர் வெள்ளியில் போட்டிருக்கிறோம். பெட்ரோல், பார்க்கிங், இஆர்பி எல்லாம் அதற்குள் அடக்கம். இறங்கும்போது "அண்ணே, பார்க்கிங் காசு" என்று யாரும் கேட்க மாட்டார்கள்.

1. சாங்கி விமான நிலையம்: வரவேற்பும் வழியனுப்பும்

4 பேர் கார்: 55 வெள்ளி
6 பேர் வண்டி: 70 வெள்ளி
13 பேர் வேன்: 90 வெள்ளி
இரவு 11 முதல் காலை 6.30 வரை: கூடுதலாக 15 வெள்ளி

நான்கு முனையங்களில் எதில் இறங்கினாலும், வருகைக் கூடத்தில் பெயரைத் தமிழில் எழுதிப் பிடித்தபடி நிற்போம். விமானம் தரையிறங்கி ஒரு மணி நேரம் வரை காத்திருப்புக்குக் கட்டணம் இல்லை. விமானம் தாமதமானால் அது உங்கள் தப்பில்லை, அதற்கும் காசு வாங்க மாட்டோம்.

வண்டியைப் பெட்டிக் கணக்கில் தேர்ந்தெடுங்கள். ஊரிலிருந்து வரும் நாலு பேர் என்றால் நாலு பெரிய பெட்டி, இரண்டு அட்டைப்பெட்டி, ஒரு ஊறுகாய்ப் பை. அது 4 பேர் காரில் ஏறாது, 6 பேர் வண்டி எடுங்கள். வேனிலும் பெட்டியோடு வந்தால் 9 பேர்தான் வசதியாக உட்காரலாம்.

கிளம்புவதற்கு முன் இன்னொன்று. சிங்கப்பூர் வருகை அட்டையை, வந்து சேரும் நாளோடு சேர்த்து மூன்று நாளுக்குள் இணையத்தில் நிரப்ப வேண்டும். குடிநுழைவு ஆணையத்தின் தளத்தில் அது இலவசம். காசு கேட்கும் தளத்தில் நிரப்பிவிட்டு வராதீர்கள்.

[ விசாரிக்க ]

2. கோயிலும் தேக்காவும்: 5 மணி நேரம்

4 பேர் கார் 220, 6 பேர் வண்டி 275, 13 பேர் வேன் 325 வெள்ளி

காலை 7.15: வீட்டு வாசலில் அல்லது ஹோட்டலில் ஏறலாம்
7.45: டேங்க் ரோடு தெண்டாயுதபாணி கோயில்
8.45: சவுத் பிரிட்ஜ் ரோடு மாரியம்மன் கோயில்
9.45: தேக்கா நிலையத்தில் பசியாற
10.45: சிராங்கூன் சாலை வீரமாகாளியம்மன் கோயில்
11.20: சீனிவாசப் பெருமாள் கோயில்
12.15: முஸ்தஃபா வாசலில் இறக்கிவிடுவோம்

இவ்வளவு காலையிலா என்று எல்லோரும் கேட்பார்கள். நண்பகலில் நடை சாத்திவிடுவார்கள், அப்புறம் மாலைதான். பத்து மணிக்குக் கிளம்பினால் பாதிக் கோயிலைக் கதவுக்கு வெளியே நின்றுதான் கும்பிட வேண்டியிருக்கும்.

மாரியம்மன் கோயில் 1827இல் தொடங்கியது, சிங்கப்பூரின் மிகப் பழைய இந்துக் கோயில். அது சைனாடவுன் நடுவில் இருப்பதைப் பார்த்து ஊர்க்காரர்கள் அசந்து போவார்கள். டேங்க் ரோடு கோயில் செட்டியார்கள் கட்டியது, 1859ஆம் ஆண்டுக் கோயில். தைப்பூசக் காவடிகள் பெருமாள் கோயிலில் புறப்பட்டு வந்து சேரும் இடமும் அதுதான்.

செருப்பை வண்டியிலேயே விட்டுவிட்டு இறங்குவது நல்லது. வாசல் வரை கொண்டுவந்து விடுவோம், ஆனால் சாலையோரம் வண்டியை நிறுத்தி வைக்க முடியாது. கும்பிட்டு முடித்ததும் ஓட்டுநருக்கு ஒரு போன் போடுங்கள், சுற்றிக்கொண்டு வந்துவிடுவார்.

முஸ்தஃபாவைக் கடைசியில் வைத்ததும் காரணத்தோடுதான். உள்ளே போனவர்கள் எப்போது வெளியே வருவார்கள் என்று யாருக்கும் தெரியாது. மணிக்கணக்கு ஓடும்போது அங்கே வண்டியைக் காக்க வைத்தால் உங்கள் காசுதான் போகும். வாங்கி முடித்துவிட்டுக் கூப்பிடுங்கள், வீட்டில் கொண்டுவிட 35 வெள்ளி.

தைப்பூசத்தன்று இந்தத் தொகுப்பு கிடையாது, சாலைகளை மூடியிருப்பார்கள். தீபாவளி ஒளியூட்டுக் காலத்தில் உண்டு. ஆனால் சிராங்கூன் சாலை நகராது, அரை மணி நேரம் கூட வைத்துக்கொள்ளுங்கள்.

[ விசாரிக்க ]

3. மரினா மாலை: 5 மணி நேரம்

4 பேர் கார் 230, 6 பேர் வண்டி 285, 13 பேர் வேன் 335 வெள்ளி

மாலை 4.00: ஏறும் இடம்
4.30: மெர்லயன் பூங்கா. படம் எடுக்க அரை மணி போதும்
5.30: கரையோரப் பூந்தோட்டங்களின் கண்ணாடிக் கூடங்கள். நுழைவுச்சீட்டு தனி
7.15: சூப்பர் ட்ரீ தோப்பு
7.45: ஒலி, ஒளிக் காட்சி. இலவசம்
8.15: கிளம்பி, 9.00க்குள் வீடு

கண்ணாடிக் கூடங்களுக்குள் குளிர் உண்டு, பாட்டிக்கு ஒரு சால்வை எடுத்து வாருங்கள். காட்சிக்கு நாற்காலி தேட வேண்டாம். பேரப்பிள்ளைகளோடு தரையில் மல்லாந்து படுத்துப் பார்ப்பதுதான் சுகம். மழை கெடுத்துவிட்டால் 8.45க்கு இன்னொரு காட்சி இருக்கிறது. அதற்காக ஆகும் கூடுதல் நேரத்துக்கு நாங்கள் காசு கேட்பதில்லை.

[ விசாரிக்க ]

4. மண்டாய், செந்தோசா: போய் இறங்க, வந்து ஏற

ஒரு வழிக்கு 6 பேர் வண்டி 60, 13 பேர் வேன் 80 வெள்ளி. செந்தோசாவுக்குள் வண்டி நுழையும் கட்டணமும் இதில் சேர்ந்தது.

இந்த இரண்டு இடத்துக்கும் நாள் முழுக்க வண்டி எடுக்காதீர்கள். நீங்கள் உள்ளே இருக்கும் ஆறு மணி நேரமும் வண்டி வெளியே சும்மா நிற்கும். கைகால் திடமாக இருப்பவர்கள் என்றால் ரயிலே போதும்: ஹார்பர்ஃபிரண்டில் இறங்கினால் விவோசிட்டியிலிருந்து செந்தோசாவுக்குத் தனி ரயில் உண்டு. சக்கர நாற்காலி, கைக்குழந்தை, தூங்கி விழும் பிள்ளைகள் இருந்தால் எங்களைக் கூப்பிடுங்கள்.

மண்டாயில் எங்கள் சிபாரிசு: பிற்பகல் பேர்ட் பாரடைஸ், இருட்டியதும் நைட் சஃபாரி. 1994இல் திறந்த இந்த நைட் சஃபாரிதான் உலகின் முதல் இரவு விலங்குத் தோட்டம். டிராம் வண்டியில் உட்கார்ந்தே சுற்றலாம், முட்டிவலிக்காரர்களுக்குத் தோதானது. நுழைவுச்சீட்டு நாங்கள் விற்பதில்லை, அந்தந்த இடத்தின் தளத்திலேயே நேரடியாக வாங்கிக்கொள்ளுங்கள்.

[ விசாரிக்க ]

பணம் கட்டுவதற்கு முன்

1.35 மீட்டர் உயரத்துக்குக் குறைந்த பிள்ளைகளுக்கு எங்கள் வண்டிகளில் சிறுவர் இருக்கை கட்டாயம், சட்டம் அப்படி. இருக்கை இலவசம், வயதை மட்டும் முன்பே சொல்லுங்கள். மடியில் வைத்துக்கொள்கிறேன் என்றால் வண்டி நகராது.

ஓட்டுநர் வழிகாட்டி அல்ல. தெரிந்ததைப் பேசிக்கொண்டே வருவார், அவ்வளவுதான். கூடவே இறங்கி வந்து விளக்க, உரிமம் பெற்ற தமிழ் வழிகாட்டி வேண்டுமானால் 4 மணி நேரத்துக்கு 200 வெள்ளி சேரும்.

ஜொகூர் பாரு போக மாட்டோம். எல்லை தாண்டி ஆளேற்ற வேறு அனுமதி வேண்டும், அது எங்களிடம் இல்லை.

முன்பணம் 20 விழுக்காடு, பேநவ் அல்லது கார்டில். மீதியைப் பயணம் முடிந்தபின் ரொக்கமாகவும் தரலாம். 48 மணி நேரத்துக்கு முன் ரத்து செய்தால் முன்பணம் முழுதும் திரும்ப வரும். அதற்குப் பின் என்றால் வராது, ஆனால் ஆறு மாதத்துக்குள் வேறு தேதிக்கு மாற்றிக்கொள்ளலாம். தொகுப்பு நேரத்துக்கு மேல் ஆகும் ஒவ்வொரு மணிக்கும் 4 பேர் காருக்கு 45, 6 பேர் வண்டிக்கு 55, வேனுக்கு 65 வெள்ளி. முதல் 15 நிமிடத்துக்குக் கணக்கு இல்லை.

விசாரணை

கீழே உள்ள பொத்தானைத் தட்டினால் வாட்ஸ்அப் திறக்கும். தேதி, ஆட்கள் எத்தனை பேர், பெட்டி எத்தனை, ஏற வேண்டிய இடம், பெரியவர்களுக்குப் படி ஏற முடியுமா, இந்த ஐந்தும் இருந்தால் போதும். குரல் பதிவாகவும் அனுப்பலாம். காலை 8 முதல் இரவு 10 வரை ஒரு மணி நேரத்துக்குள் வண்டி இருக்கிறதா இல்லையா என்று பதில் வரும். விசாரிப்பதால் பதிவு ஆகிவிடாது, முன்பணம் வந்தபிறகே வண்டி உங்களுக்கு.

[ வாட்ஸ்அப்பில் விசாரிக்க ]