படம் 3: தைலக் காய்ச்சி, நெடுக்கு வெட்டுத் தோற்றம்

கோத்தகிரிக் கூடத்தில் உள்ள 200 கிலோ செம்புக் காய்ச்சிக்கான கையேடு, பக்கம் 7

அடுப்பில் தீ வைக்கும் முன் இந்தப் பக்கத்தைப் படத்தோடு சேர்த்து ஒருமுறை முழுவதும் படியுங்கள். காய்ச்சியை நடுவில் இரண்டாகப் பிளந்து பக்கவாட்டில் பார்ப்பதாக எண்ணிக்கொள்ளுங்கள்.

```
              (4)        (6)
               |          |
            ___*___       |
           /       \======*======+
          /         \            |
   (5)---*===========+     +-----|-----+
         |           |     |     |     *===> (10)
   (3)---------*     |     |  +--+     |
         |           | (7)-*  +-----+  |
   (2)---*- - - - - -|     |  +-----*--|--(8)
         |~~~~~~~~~~~|     |  +--+     *<=== (9)
   (1)---*~~~~~~~~~~~|     +-----|-----+
         +-----------+           |
        /             \          v
  (13)--*             |      |       |
        |   ^  ^  ^   |      |ooooooo*==> (11)
        +-------------+ (12)-*~~~~~~~|  +==> (14)
                             |~~~~~~~*==+
                             +-------+
```

படிக்கும் முறை: எண்ணிலிருந்து புறப்படும் கோடு எந்தப் புள்ளியில் (*) முடிகிறதோ, அந்த எண் அந்த இடத்துக்கு உரியது. கோடு வழியில் வேறு எதைக் கடந்தாலும் அதைக் கணக்கில் எடுக்க வேண்டாம். எண் 3-இன் கோடு அண்டாவின் சுவரைத் தாண்டி உள்ளே போவதைப் பாருங்கள்; அது சுவரை அல்ல, இலையைக் காட்டுகிறது. அம்புக்குறி நீரோ ஆவியோ தைலமோ ஓடும் திசை. அலைக்கோடு (~) நீர். வட்டங்கள் (o) தைலம்.

பழைய படத்தில் எண் 9-இன் கோடு தொட்டியின் நடுவே அந்தரத்தில் நின்றுவிட்டது. அதை நம்பி, புதிதாக வந்த ஒருவர் ஓடைக் குழாயை மேல்வாயில் மாட்டினார். அரை நாள் காய்ச்சிய தைலத்தில் பாதி ஆவியாகவே கூரை வழியாகப் போனது. தவறு அவருடையது அல்ல, கோடு வரைந்த என்னுடையது. அதனால்தான் இம்முறை ஒவ்வொரு கோட்டின் நுனியையும் காய்ச்சியின் அருகே நின்று, உறுப்பைத் தொட்டுப் பார்த்து வரைந்தேன்.

படம் அளவுக்கு ஏற்ப வரையப்பட்டதல்ல. குறிப்பாக அடுப்பும் (13) பிரிகலமும் (12) தாளில் அடுத்தடுத்து நிற்கின்றன. கூடத்தில் இவற்றுக்கிடையே பன்னிரண்டு அடி இடைவெளியும் ஒரு கல்சுவரும் உண்டு. தைலம் எளிதில் தீப்பற்றும். இந்த இடைவெளியை எக்காரணம் கொண்டும் குறைக்காதீர்கள்.

உறுப்புப் பட்டியல்

1. அண்டா. செம்பு. அடியில் 150 லிட்டர் நீர். சுவரில் வெட்டிய கோட்டுக்குக் கீழே நீர் இறங்கினால் அடி இலை கருகி, தைலம் முழுவதும் புகை நாற்றம் அடிக்கும்.

2. துளைத்தட்டு. இலை நீரில் விழாமல் தாங்குவது. நீர்மட்டத்துக்கு நான்கு விரற்கடை மேலே இருக்க வேண்டும்.

3. இலை. தைல மரத்தின் இலை, 200 கிலோ. மிதித்து அடைக்கலாம், ஆனால் கல்லாகும்வரை மிதிக்கக் கூடாது. ஆவி இலைகளுக்கு இடையே புகுந்து மேலேற வழி வேண்டும். இந்த அளவு இலைக்குச் சுமார் இரண்டு கிலோ தைலம் எதிர்பார்க்கலாம்.

4. தொப்பி. இருவர் தூக்கி வைக்க வேண்டும்.

5. பூச்சு. களிமண்ணும் சலித்த சாம்பலும் சம அளவு, சப்பாத்தி மாவுப் பதத்தில். கீழே தனிக் குறிப்பு உள்ளது.

6. ஆவிக் குழாய். இதில் வால்வு கிடையாது. பொருத்தவும் கூடாது.

7. குளிர்த்தொட்டி. 500 லிட்டர்.

8. சுருள் குழாய். செம்பு, ஆறு சுற்று (படத்தில் மூன்று மட்டும் காட்டப்பட்டுள்ளன). மேலிருந்து கீழ்வரை ஒரே சரிவாக இருக்க வேண்டும். நடுவில் எங்கேனும் தொய்ந்தால் அங்கே நீர் தேங்கி ஆவியை மறிக்கும்.

9. குளிர்நீர் வரும் வாய். தொட்டியின் அடியில், நீல வண்ணம் பூசியது.

10. வெந்நீர் போகும் வாய். தொட்டியின் மேலே, சிவப்பு.

11. தைல மூக்கு. இதன் கீழே கண்ணாடிப் புட்டி அல்லது எவர்சில்வர் பாத்திரம் மட்டும். இரும்புத் துரு பட்டால் தைலம் பழுப்பேறும்.

12. பிரிகலம். எவர்சில்வர்.

13. அடுப்பு. முந்தைய காய்ச்சலில் மிஞ்சிய சக்கையை வெயிலில் உலர்த்தினால் அதுவே விறகு.

14. நீர்வடி குழாய். அடியில் தொடங்கி மேலே வளைந்து வெளியேறும். அதன் வளைவு தைல மூக்கைவிட அரை அங்குலம் தாழ்ந்திருக்க வேண்டும்.

எண் 5 பற்றி

பூச்சு வெடித்து ஆவி கசிந்தால் ஈர மண்ணை அள்ளி அப்புங்கள், போதும். அடிக்கடி கசிகிறதே என்று சிமென்ட் பூசுவதோ, தொப்பியைக் கம்பியால் இறுக்கிக் கட்டுவதோ கூடாது. ஆவிக் குழாய் எங்காவது அடைத்துக்கொண்டால் உள்ளே அழுத்தம் ஏறும். அப்போது முதலில் பெயர வேண்டியது இந்த மண்தான். மண் பெயர்ந்தால் ஆவி சீறி வெளியேறும், அவ்வளவே. மண் பெயராவிட்டால் அண்டா பிளக்கும். பூச்சுப் பெயர்ந்து ஆவி சீறுவதைக் கண்டால் அருகே போகாதீர்கள். அடுப்பிலிருந்து விறகை நீண்ட கழியால் இழுத்துவிட்டு, ஆறும்வரை காத்திருங்கள்.

எண் 9, 10 பற்றி

ஆவி மேலிருந்து இறங்குகிறது, குளிர்ந்த நீர் கீழிருந்து ஏறுகிறது. சூடான நீர் தானாகவே மேலே போகும் இயல்புடையது. மேல்வாய் அதை வழியனுப்புகிறது. சுருளின் கடைசிச் சுற்றுக்கு வரும் தைலத்தைத் தொட்டியிலேயே மிகக் குளிர்ந்த நீர் சந்திக்கிறது. சுருள் முடியும் இடத்தில் சொட்டும் நீரைப் புறங்கையில் விட்டுப் பாருங்கள். வெதுவெதுப்புக்கு மேல் இருந்தால் நீர் வரத்தைக் கூட்டுங்கள் அல்லது தீயைக் குறையுங்கள். ஜனவரி, பிப்ரவரி உறைபனி நாட்களில் காலையில் ஓடைக் குழாயில் பனி கட்டியிருக்கலாம். நீலவாயில் நீர் வருவதைக் கண்ணால் பார்த்த பிறகே தீ மூட்டுங்கள்.

நம் ஊர் உயரத்தில் நீர் 100 டிகிரிக்கு முன்பே, ஏறத்தாழ 94 டிகிரியில் கொதித்துவிடும். தைலத்தின் முக்கியப் பொருளான சினியோல் தனியாகக் கொதிக்க 176 டிகிரி வேண்டும். ஆனாலும் நீராவியோடு சேரும்போது அது நீரின் கொதிநிலைக்கும் கீழேயே கிளம்பி வந்துவிடுகிறது. ஆகவே தீயை ஓங்கி எரிப்பதால் தைலம் கூடாது, நீர்தான் வீணாகும். நான்கைந்து மணி நேரம் ஒரே சீரான தீ.

எண் 11, 12, 14 பற்றி

தைலம் நீரைவிட இலேசானது. ஒரு லிட்டர் 910 கிராம் அளவில்தான் நிற்கும். பிரிகலத்தில் அது மேலே மஞ்சள் சாயலோடு தனி ஏடாக நிற்பதைக் காணலாம். முதலில் பிரிகலத்தைப் பச்சைத் தண்ணீரால் நீர்வடி குழாய் வழியும்வரை நிரப்புங்கள். பிறகு வரும் நீர் 14 வழியாகவும் தைலம் 11 வழியாகவும் தாமாகவே பிரிந்து போகும். தைல மூக்கில் நீர் வந்தால் 14-இன் வளைவு உயர்ந்துவிட்டது என்று பொருள். 14-இல் தைல வாடையோடு எண்ணெய்ப் படலம் மிதந்தால் வளைவு மிகவும் தாழ்ந்துவிட்டது. வளைவின் மரையை அரைச் சுற்று திருப்பி, பத்து நிமிடம் பார்த்து, மீண்டும் திருப்புங்கள். அவசரப்பட்டு முழுச் சுற்று திருப்பினால் பிரிகலத்தில் சேர்ந்த தைலம் சாக்கடைக்குப் போய்விடும்.

உறுப்பு மாற்ற வேண்டி வந்தால் கூடத்துப் பதிவேட்டில் "படம் 3" என்றும் உறுப்பு எண்ணையும் சேர்த்து எழுதுங்கள். "மேலே இருக்கும் குழாய்" என்று எழுதினால் 6 வேண்டுமா, 10 வேண்டுமா என்று கன்னாருக்குத் தெரியாது.