பதினாறு குகைகள், பதினாறு கச்சாயங்கள்

அத்தியாயம் 1: எஞ்சினைக் காணோம்

என் பெயர் யாழினி, வயது எட்டு. என் தம்பி முகிலனுக்கு ஐந்து வயதுதான் ஆகிறது என்றாலும், அவன் ஒரு நாளைக்குக் கேட்கும் கேள்விகளை எண்ணினால் ஐந்நூறுக்குக் குறையாது.

காலை 7:10 மணிக்கு மேட்டுப்பாளையத்திலிருந்து ஊட்டிக்குப் புறப்படும் மலை ரயிலின் முதல் பெட்டியில், முதல் வரிசையில் நாங்கள் உட்கார்ந்திருந்தோம். எங்கள் அம்மாவின் அம்மாவான அம்மிச்சியின் மடியில் ஒரு தூக்குப்போசி இருந்தது. அதற்குள் எண்ணெயில் சுட்ட இனிப்புக் கச்சாயங்கள் சரியாக 16 இருந்தன. சரியாக என்று ஏன் சொல்கிறேன் என்றால், நான் மூன்று முறை எண்ணியிருந்தேன்.

"ஊட்டி போய்ச் சேருவதற்குள் 16 குகைகள் வரும், கண்ணு. ஒவ்வொரு குகையைத் தாண்டியதும் ஒரு கச்சாயம். அதுவரை யாரும் மூடியைத் தொடக் கூடாது" என்றார் அம்மிச்சி.

ரயில் நகர்ந்தது. முன்பக்க ஜன்னலில் எட்டிப் பார்த்த முகிலன், வாயைத் திறந்தவன் மூடவே இல்லை.

"அக்கா! நம் ரயிலுக்கு எஞ்சினே இல்லை!"

நானும் பார்த்தேன். தண்டவாளம் இருந்தது. பெட்டியின் முன் விளிம்பில் பச்சைக் கொடியோடு ஒரு மாமா நின்றிருந்தார். எஞ்சின் இருக்க வேண்டிய இடத்தில் வெறும் காற்றுதான் இருந்தது. ஆனாலும் ரயில் ஓடிக்கொண்டிருந்தது!

அத்தியாயம் 2: பல் முளைத்த தண்டவாளம்

"எஞ்சின் பின்னால் இருக்கிறது" என்று கொடி மாமா சிரித்தார். "மலையேறும்போது அது நம்மைப் பின்னாலிருந்து தள்ளிக்கொண்டே வரும்."

கல்லாறு நிலையத்தைத் தாண்டியதும் அவர் கீழே காட்டினார். இரண்டு தண்டவாளங்களுக்கும் நடுவில், வரிசையாகப் பற்கள் வைத்த இரும்புப் பட்டை ஒன்று ஓடியது. பன்னிரண்டு அடி முன்னே போனால் ஓர் அடி மேலே ஏற வேண்டிய செங்குத்தான மலை அது. எஞ்சினின் பல்சக்கரம் அந்தப் பட்டையைக் கவ்விக்கொள்வதால்தான் ரயில் பின்னால் வழுக்குவதில்லை.

"தண்டவாளத்துக்கு இத்தனை பல்லா? அம்மிச்சிக்கே ஒன்பதுதானே?" என்று முகிலன் பெட்டி முழுவதும் கேட்கும்படி கேட்டான்.

அம்மிச்சி பதில் சொல்வதற்குள் முதல் குகை வந்தது. கண்ணைத் திறந்தாலும் இருட்டு, மூடினாலும் இருட்டு. எல்லோரும் "ஓ" என்று கத்தினோம். வெளிச்சம் வந்ததும், எங்கள் முதல் கச்சாயத்துக்காக நான் போசியைத் திறந்து எண்ணினேன்.

உள்ளே 15 தான் இருந்தன. நாங்கள் இன்னும் ஒன்றைக்கூடத் தொடவில்லை!

அத்தியாயம் 3: இருட்டில் ஒரு கை

எனக்கு முகிலன் மேல்தான் சந்தேகம் வந்தது. அவன் வாயை மோந்து பார்த்தேன். பற்பசை வாசம் மட்டுமே வந்தது. ஒரு கச்சாயத்தை இருவரும் பிட்டுத் தின்றபின் 14 மீதி இருந்தன. இரண்டாவது குகையில் அவனை இரண்டு கைகளையும் தலைமேல் வைத்துக்கொள்ளச் சொன்னேன். வெளியே வந்து எண்ணினால் 13! முகிலனின் கைகளோ தலையில் அப்படியே இருந்தன. மூக்கு அரித்தபோதுகூட அவன் அவற்றை இறக்கவில்லை என்பதை நான் இங்கே பாராட்டியே ஆக வேண்டும்.

அந்தக் குகைக்கான பங்கைத் தின்றபின் 12. மூன்றாவது குகை நெருங்கியபோது நான் மூடியின்மேல் என் கையை வைத்துக்கொண்டேன்.

இருட்டு. சக்கரங்களின் கடகட சத்தம். பிறகு, மெதுவாக, மிக மெதுவாக, என் விரல்களின்மேல் ஒரு கை வந்து உட்கார்ந்தது.

அந்தக் கை முழுவதும் மயிர் இருந்தது!

அத்தியாயம் 4: கையுறைக்குள் என்ன?

"குரங்கு!" என்று கத்தியபடி நான் அந்தக் கையை இறுகப் பிடித்துக்கொண்டேன். வெளிச்சம் வந்தது. என் பிடியில் இருந்தது, ஊட்டிக் குளிருக்காக அம்மிச்சி மாட்டியிருந்த கம்பளிக் கையுறை. கையுறைக்குள் அம்மிச்சியின் கை.

"சர்க்கரை கூடிவிட்டது, இனிப்பே ஆகாது என்று டாக்டர் சொல்லிவிட்டார், சாமி. உங்கள் எதிரில் எப்படித் தின்பது?" என்றார் அம்மிச்சி. அவர் முகத்தைப் பார்த்ததும் எனக்குக் கோபம் வரவில்லை.

வழியில் ஒரு நிலையத்தில் எஞ்சினுக்குத் தண்ணீர் பிடிக்க ரயில் நின்றது. அப்போது ஜன்னல் வழியாக இன்னொரு மயிர்க் கை நீண்டது. அதற்குக் கையுறை இல்லை, வால் இருந்தது. நாங்கள் மூச்சுவிடுவதற்குள் குரங்கு போசியோடு மரத்தில் ஏறிவிட்டது.

"இன்னும் 13 குகைகள் இருக்கின்றனவே, அம்மிச்சி" என்று முகிலன் விசும்பினான்.

அம்மிச்சி மெல்லத் தம் கையுறைகளைக் கழற்றி உதறினார். ஒன்றிலிருந்து ஒரு கச்சாயம் விழுந்தது, மற்றதிலிருந்து இன்னொன்று. ஊட்டிக்குப் போய் யாருக்கும் தெரியாமல் தின்பதற்காக அவர் ஒளித்து வைத்திருந்தாராம்.

இரண்டு கச்சாயங்களில் கொடி மாமாவுக்குப் பாதி, எனக்குப் பாதி, முகிலனுக்குப் பாதி. மீதிப் பாதியிலிருந்து ஒரு சின்ன விள்ளல் மட்டும் அம்மிச்சிக்கு. டாக்டரிடம் அதைச் சொல்லிவிட வேண்டும் என்பது என் நிபந்தனை.

நான்காவது குகைக்குள் ரயில் நுழைந்தபோது எங்களில் யாரும் "ஓ" என்று கத்தவில்லை, ஏனென்றால் எல்லோர் வாயிலும் கச்சாயம் இருந்தது.