புதிய வேலை தேடுகிறேன்: பேக்எண்ட் பொறியாளர், 9 ஆண்டு அனுபவம்

செலவுக் குறைப்பில் எங்கள் குழுவையே கலைத்துவிட்டார்கள். சென்ற வெள்ளியோடு என் வேலையும் முடிந்தது. நோட்டீஸ் பீரியட் பாக்கி இல்லை, உடனே சேரலாம். என் வேலையைப் பற்றி முன்னாள் மேலாளரிடமே விசாரிக்கலாம், அவர் சம்மதித்திருக்கிறார்.

கோ, பைத்தான் இரண்டும் அன்றாடம் எழுதுபவை. ஜாவா, படித்துத் திருத்தும் அளவுக்கு. உண்மையான பலம் போஸ்ட்கிரெஸ், குறிப்பாகச் சேவையை நிறுத்தாமல் ஸ்கீமா மாற்றுவது: பெரிய டேபிளில் `CREATE INDEX CONCURRENTLY` ஓட்டுவது, அது பாதியில் தோற்றால் மிஞ்சும் `INVALID` இண்டெக்ஸை நீக்கிவிட்டு மறுபடி தொடங்குவது, `ALTER TABLE`-க்கு முன் `lock_timeout` வைப்பது. அதை மறந்தால் மாற்றம் லாக்குக்காகக் காத்து நிற்கும். பின்னால் வரும் சாதாரண `SELECT`-களும் வரிசையில் தேங்கும்.

காஃப்கா கன்ஸ்யூமர்களை, ஒரே செய்தி இருமுறை வரும் என்று வைத்துத்தான் எழுதுவேன். ஒவ்வொரு பரிவர்த்தனைக்கும் தனி எண், டேபிளில் யூனிக் கட்டுப்பாடு. குபர்னெட்டீஸில் டிப்ளாய் செய்வேன், கிளஸ்டர் நிர்வாகம் தெரியாது. ஃபிரண்ட்எண்ட் வேண்டாம்.

விரும்புவது பேமெண்ட், பில்லிங், சரக்கு இருப்பு போன்ற, கணக்கு பிசகக் கூடாத அமைப்புகள். சீனியர் நிலை, ஆட்களை மேலாண்மை செய்யும் பொறுப்பு இப்போது வேண்டாம். வீட்டிலிருந்து, அல்லது வாரத்தில் 2 நாள் அலுவலகம். ஆன்-கால் ஏற்பேன், சுழற்சியில் 4 பேராவது இருந்தால். 6 மாத ஒப்பந்தமும் சம்மதமே.

பொறுப்புகள், சம்பள வரம்பு இரண்டையும் எழுதி இங்கேயே தனிச்செய்தி அனுப்புங்கள். ரெஸ்யூமே தயாராக இருக்கிறது.