பீடிக் கடை வாசலில் வாங்கிய சம்மதம்: ஆய்வு நெறிமுறை வகுப்புக்கான ஸ்லைடுகளும் பேச்சுக் குறிப்பும்

ஸ்லைடு 1
களத்துக்குப் போகும் முன்
சமூகப்பணி முதுகலை, இரண்டாம் ஆண்டு, பாளையங்கோட்டை

*பேசுவது:* அடுத்த மாதம் முக்கூடல், ஆலங்குளம், மேலப்பாளையம் என்று பிரிந்து போகப் போகிறீர்கள். உங்களில் பாதிப் பேர் எடுத்திருக்கும் தலைப்பு, பீடி சுற்றும் பெண்களின் உடல்நலம். இந்த அறையில் பலருக்கு அது வீட்டுக் கதை. அம்மாவோ ஆச்சியோ சொளகை மடியில் வைத்துச் சுற்றிய காசில் படித்து வந்தவர்கள் இங்கே இருக்கிறீர்கள். அதனாலேயே கூடுதல் கவனம் வேண்டும் என்கிறேன். நம்ம ஊர், நம்ம ஆட்கள் என்ற உரிமையில், கேட்காமலே எடுத்துக்கொள்வது நமக்குச் சுலபமாக வந்துவிடும்.

ஸ்லைடு 2
ஒரு நிகழ்வு (பயிற்சிக்காக எழுதியது, ஊரும் ஆட்களும் கற்பனை)

தாமிரபரணிக் கரையில் ஓர் ஊர். இருமல், மூச்சுத்திணறல், முதுகுவலி பற்றி ஒரு மாணவி 60 பெண்களிடம் கேட்க வேண்டும். பீடிக் கடைக்காரர் அவளுக்குத் தூரத்துச் சொந்தம். "சாயங்காலம் கடைக்கு வா, எல்லாரும் பீடி கொடுக்க வருவாவ, அங்கேயே எழுதிக்கோ" என்கிறார். மூன்று மாலைகளில் 60 படிவமும் நிறைந்துவிட்டது. பாதிப் படிவங்களில் கைநாட்டு. எல்லாவற்றிலும் சாட்சிக் கையெழுத்து கடைக் கணக்கப்பிள்ளையுடையது.

கடைசி நாள், 52 வயதுப் பெண் ஒருவர் அவள் காதோடு சொன்னார்: "சளியில ரெண்டு வாரமா ரத்தம் வருதும்மா." மாணவி எழுதிக்கொண்டாள்.

கணக்கீட்டுக்கு உதவி கேட்டு அட்டவணையை வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் போட்டாள். அதில் பெயர் இல்லை. தெரு, வயது, கணவர் இருக்கிறாரா, பிள்ளைகள் எண்ணிக்கை, நோய்க்குறி மட்டும் இருந்தன. அது கைமாறி கடைக்கு வந்தது. பத்தாம் நாள் அந்தப் பெண்ணுக்கு இலையும் தூளும் நின்றன. "ஒன்னையை நம்பித்தானம்மா சொன்னேன்" என்று மட்டும் மாணவியிடம் சொன்னார்.

*பேசுவது:* படித்ததும் மூன்று நிமிடம் பேசாமல் இருப்போம். எது முதல் தவறு என்று ஒவ்வொருவரும் ஒரு வரி எழுதுங்கள். பெரும்பாலோர் வாட்ஸ்அப் என்று எழுதுவீர்கள். என் பதில் வேறு. அவள் கடை வாசலில் போய் நின்றதுதான் முதல் தவறு. மற்றதெல்லாம் அதன் பிறகு வந்தவை.

ஸ்லைடு 3
தகவலறிந்த சம்மதம்
தெரிய வேண்டும் – புரிய வேண்டும் – மறுக்க முடிய வேண்டும்

*பேசுவது:* முதல் இரண்டையும் எல்லோரும் மனப்பாடமாகச் சொல்வார்கள். மூன்றாவதுதான் உயிர். நாளைய இலையை அளந்து கொடுப்பவர் பக்கத்தில் நிற்கும்போது, "விருப்பம் இல்லை" என்று சொல்ல அந்தப் பெண்களால் முடியுமா? முடியாது என்றால், அந்த 60 பேரின் கையெழுத்தும் கைநாட்டும் சம்மதம் ஆகாது. படிவம் எவ்வளவு அழகாக இருந்தாலும் சரி.

இது பீடிக் கடைக்கு மட்டும் உள்ள சங்கதி இல்லை. 2009-10இல் அன்றைய ஆந்திராவின் கம்மம் மாவட்டத்தில், கருப்பைவாய்ப் புற்றுநோயைத் தடுக்கும் ஹெச்.பி.வி. தடுப்பூசித் திட்டம் ஒன்று நடந்தது. விடுதியில் தங்கிப் படித்த பழங்குடிச் சிறுமிகளின் படிவங்களில், பெற்றோருக்குப் பதிலாக விடுதிக் காப்பாளர்களும் தலைமை ஆசிரியர்களும் கையெழுத்திட்டிருந்தார்கள். 2013இல் நாடாளுமன்ற நிலைக்குழு இதைக் கடுமையாகக் கண்டித்தது. காப்பாளர் பிள்ளைகளுக்குச் சோறு போடுகிறவர், கடைக்காரர் இலை கொடுக்கிறவர். அவர்கள் கொடுத்த சம்மதத்தை அந்தப் பிள்ளைகளும் பெண்களும் கொடுத்ததாக எழுதிக்கொள்ளக் கூடாது.

ஸ்லைடு 4
படிவத்தைப் படிப்பதற்குப் பதில், இப்படிச் சொல்லுங்கள்

"யக்கா, நான் காலேஜ்ல படிக்கேன். பீடி சுத்துறதால உடம்புக்கு என்ன வருதுன்னு எழுதணும், அது என் படிப்புக்கு. முப்பது, நாப்பது நிமிஷம் ஆகும். இருமல், மூச்சு, முதுகுவலி, மாதவிலக்கு இதப்பத்தி எல்லாம் கேப்பேன். கூச்சமா இருக்கிற கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டாம். பாதியில போதும்னா போதும்தான். நீங்க சொல்லலேன்னா உங்க இலைக்கோ, சங்கத்துக்கோ, பிள்ளை ஸ்காலர்ஷிப்புக்கோ ஒண்ணும் ஆகாது. சொன்னாலும் அதுல கூட ஒண்ணும் கிடைக்காது. மருந்தோ பணமோ நான் கொண்டு வரல. நான் எழுதுற கட்டுரையில உங்க பேரை எங்கயும் போட மாட்டேன். கடைக்காரர் கேட்டாலும் சொல்ல மாட்டேன். யோசிச்சு நாளைக்குச் சொன்னாலும் சரி."

*பேசுவது:* "பங்கேற்பு முற்றிலும் தன்னார்வமானது" என்ற வாக்கியத்தைப் படிவத்தில் வைத்துக்கொள்ளுங்கள், நெறிமுறைக் குழு கேட்கும். ஆனால் திண்ணையில் உட்கார்ந்து அதைப் படிக்காதீர்கள். ஸ்காலர்ஷிப்பை ஏன் பெயர் சொல்லிச் சொன்னேன் என்றால், பீடித் தொழிலாளர் நலநிதிச் சட்டம் 1976இல் வந்ததிலிருந்து, அடையாள அட்டையும் பிள்ளைகளின் கல்வி உதவியும் இந்தக் குடும்பங்களின் பெரிய பிடிமானம். பேனாவோடு யாராவது வந்தால் அந்த அட்டைக்கு ஆபத்தோ என்றுதான் முதலில் நினைப்பார்கள். அந்தப் பயத்தை அவர்கள் கேட்கும் முன்பே நாம் தீர்க்க வேண்டும்.

சொல்லி முடித்ததும் "புரிஞ்சுதா?" என்று கேட்காதீர்கள். மரியாதைக்காகவே "ஆமா" என்பார்கள். "நான் எதுக்கு வந்திருக்கேன்னு நினைக்கிய, கொஞ்சம் சொல்லுங்கக்கா" என்று கேளுங்கள். "ஏதோ லோன் குடுக்க வந்திருக்க" என்று பதில் வந்தால் மறுபடி முதலிலிருந்து சொல்லுங்கள்.

ஸ்லைடு 5
எழுதப் படிக்கத் தெரியாதவர் என்றால்
- முழுவதும் வாய்விட்டுச் சொல்ல வேண்டும்
- எழுதப் படிக்கத் தெரிந்த, சார்பற்ற ஒரு சாட்சி தொடக்கம் முதல் கடைசி வரை உடன் இருக்க வேண்டும்
- கைநாட்டு, பிறகு சாட்சியின் கையெழுத்து
- ஒரு பிரதி அவர் கையில்

*பேசுவது:* இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017 வழிகாட்டு நெறிகளும் சார்பற்ற சாட்சியைத்தான் கேட்கின்றன. பக்கத்து வீட்டு காலேஜ் பிள்ளை சாட்சியாகலாம், அந்த அக்காவே அழைத்தால். கணக்கப்பிள்ளை ஆகக் கூடாது. பிரதியை வீட்டில் வைத்துக்கொள்ளப் பயந்தால் வற்புறுத்தாதீர்கள். வேண்டாம் என்றார் என்று குறித்துக்கொள்ளுங்கள். பதினெட்டுக்குக் கீழ் உள்ள மகளிடம் பேச வேண்டுமானால் பெற்றவரின் சம்மதம் வேண்டும். மகளின் இசைவும் வேண்டும். அம்மா சரி என்று சொல்லி, பிள்ளை தலையைக் குனிந்துகொண்டால் எழுந்து வந்துவிடுங்கள்.

நேரம் பற்றி ஒன்று. ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்று கூலி வாங்குகிறவருக்கு நாற்பது நிமிடம் என்பது காசு. கை சுற்றிக்கொண்டிருக்கும்போதே பேச விடுங்கள். இழப்பை ஈடுசெய்யும் அளவுக்கு ஏதாவது கொடுப்பது நியாயம். அதற்காகவே சம்மதிக்கும் அளவுக்குக் கொடுப்பது நியாயம் இல்லை. தொகையை நெறிமுறைக் குழுவிடம் முன்பே எழுதிக் காட்டுங்கள்.

ஸ்லைடு 6
பெயரை அழித்தால் ஆள் மறைவாரா?
மேலத்தெரு / 52 / கணவர் இல்லை / மூன்று பெண்மக்கள் / சளியில் ரத்தம்

*பேசுவது:* இந்த ஒரு வரியைச் சென்னையில் யாரிடம் காட்டினாலும் ஒன்றும் தெரியாது. அந்த ஊர் டீக்கடையில் காட்டினால் பெயர், மாமியார் வீடு, மூத்த மகளைக் கட்டிக்கொடுத்த ஊர் வரை சொல்லிவிடுவார்கள். நம் ஊர்களில் ரகசியம் காப்பது இவ்வளவு கடினம். அதனால் தெருவை எழுத வேண்டாம். வயதை 50–59 என்று வகைப்படுத்துங்கள். பிள்ளைகள் எண்ணிக்கை உங்கள் கேள்விக்குத் தேவை இல்லை என்றால் கேட்கவே வேண்டாம்.

ஒவ்வொருவருக்கும் ஓர் எண். எந்த எண் யாருடையது என்ற பட்டியல் தனி நோட்டில், வழிகாட்டி ஆசிரியரின் பூட்டிய அலமாரியில். எக்செல் கோப்புக்குக் கடவுச்சொல். அட்டவணை வாட்ஸ்அப்பில் போகாது. திண்ணையில் நான்கு பேர் நடுவே கேட்பதும் கசிவுதான். "உள்ள உக்காந்து பேசலாமாக்கா?" என்று கேட்க வெட்கப்பட வேண்டாம். போட்டோ வேண்டாம். கை மட்டும் தெரிகிற போட்டோவா? வளையலை வைத்தே ஆளைச் சொல்லிவிடுவார்கள்.

ஸ்லைடு 7
காக்க முடியாத ரகசியம்

*பேசுவது:* "யாரிடமும் எதையும் சொல்ல மாட்டேன்" என்று வாக்குக் கொடுக்காதீர்கள். குழந்தை மீதான பாலியல் கொடுமை தெரியவந்தால், 2012 போக்சோ சட்டப்படி தெரிவித்தே ஆக வேண்டும். இந்த வரம்பைப் பேச்சைத் தொடங்கும் முன்பே சொல்லிவிடுங்கள்.

இனி அந்த 52 வயது அக்கா. ரத்தம் வருகிறது என்றபோது மாணவி எழுதிக்கொண்டாள், அவ்வளவுதான் செய்தாள். எனக்கு இந்த நிகழ்வில் மிகவும் வலிக்கும் இடம் அதுதான். இரண்டு வாரத்துக்கு மேல் இருமலும் சளியில் ரத்தமும் காசநோய்க்கான எச்சரிக்கை. அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் சளிப் பரிசோதனை இலவசம். அவருக்குச் சொல்லி, அவர் விரும்பினால் கூடவே போயிருக்க வேண்டும். நோய் உறுதியானால் அதை அரசுக்குத் தெரிவிப்பது மருத்துவரின் சட்டக் கடமை. அதற்கென்று வழி இருக்கிறது. அந்த வழி கடைக்காரர் காதுக்குப் போகும் வழி இல்லை.

ஸ்லைடு 8
யாரைத் தேர்ந்தெடுத்தோம்? யார் விட்டுப்போனார்கள்?

*பேசுவது:* அமெரிக்காவின் அலபாமாவில் 1932 முதல் 1972 வரை, சிபிலிஸ் இருந்த 399 கறுப்பின ஆண்களை மருந்து கொடுக்காமல் கவனித்துக்கொண்டே இருந்தார்கள், பெனிசிலின் வந்த பிறகும். ஏழைகள், எளிதில் கிடைப்பவர்கள், கேள்வி கேட்க முடியாதவர்கள் என்பதால் அவர்கள் தேர்ந்தெடுக்கப்பட்டார்கள். மனிதர்களை வைத்து நடக்கும் ஆய்வுகளுக்கு நெறி வகுத்து 1979இல் அங்கே வந்த பெல்மாண்ட் அறிக்கை நியாயத்தை மூன்று அடிப்படைகளில் ஒன்றாக வைத்ததற்குப் பின்னால் அந்த மனிதர்கள் இருக்கிறார்கள். ஆய்வின் சுமை ஒரு தலையில், பலன் இன்னொரு வீட்டில் என்று இருக்கக் கூடாது.

நம் கடை வாசலுக்கு வருவோம். அங்கே நின்றால் யாரைப் பார்க்க முடியாது?

- நோய் வந்து சுற்றுவதையே நிறுத்தியவர்கள்
- இன்னொருவர் பாஸ்புக்கில் சுற்றிக் கொடுப்பவர்கள்
- வெளியே வராமல், பையன் கையில் பீடியைக் கொடுத்தனுப்பும் மேலப்பாளையத்துப் பெண்கள்
- கடைக்காரரோடு கூலித் தகராறு உள்ளவர்கள்

முதல் வரியை இன்னொரு முறை பாருங்கள். நுரையீரல் கெட்டவர்கள் வீட்டில் படுத்திருக்கிறார்கள். நாம் நடமாட முடிகிறவர்களை மட்டும் எண்ணிவிட்டு "பீடியால் பெரிய பாதிப்பு இல்லை" என்று எழுதுவோம். அநியாயமான தேர்வு, கூடவே பொய்யான முடிவு. அந்த முடிவை நாளை யாராவது கூலிப் பேச்சுவார்த்தையில் எடுத்துக் காட்டினால் அவர்களுக்கு என்ன பதில் சொல்வோம்?

ஊரின் எல்லாத் தெருக்களையும், காலனியையும் சேர்த்து, நடந்து வீடுகளை எண்ணுங்கள். சுற்றுகிற வீடு, முன்பு சுற்றிய வீடு இரண்டையும் குறியுங்கள். அதிலிருந்து ஐந்தில் ஒரு வீடு. மூன்று மாலை வேலை மூன்று வாரமாகும். ஆகட்டும். 60 கிடைக்காமல் 35தான் கிடைத்தால், 35 என்றே எழுதுங்கள்; மதிப்பெண் குறையாது, அதற்கு நான் பொறுப்பு.

ஸ்லைடு 9
குழு வேலை, 20 நிமிடம்
1. அந்த அக்காவுக்கு இலை நின்றுபோனது. மாணவி இப்போது என்ன செய்ய வேண்டும்? யாரிடம் முதலில் போக வேண்டும்?
2. அந்த 60 படிவங்களை என்ன செய்வது?
3. கடைக்காரர் உதவி செய்ய வந்தவர்தான். அவரிடம் மரியாதை குறையாமல் எப்படி மறுப்பது?

*பேசுவது:* மூன்றாவதைச் சொல்லிப் பார்க்காமல் விடாதீர்கள். ஒருவர் கடைக்காரராக உட்காரட்டும். "அண்ணாச்சி, நீங்க சொன்னதே பெரிய உதவி. ஆனா காலேஜ்ல வீட்டுக்குப் போய்த்தான் கேக்கணும்னு எழுதி வாங்கியிருக்காவ" என்று தொடங்கலாம். அது உண்மையாகவும் இருக்கும், ஏனென்றால் நெறிமுறைக் குழுவுக்கான உங்கள் விண்ணப்பத்தில் அப்படித்தான் எழுதப் போகிறோம்.

ஸ்லைடு 10
வரும் சனிக்கிழமை கொண்டுவர வேண்டியவை
- வாய்மொழிச் சம்மதப் பேச்சு, உங்கள் ஊர்ப் பேச்சில், ஒரு பக்கம்
- கேள்விப் பட்டியல், ஒவ்வொரு கேள்விக்கும் எதிரே "இது ஏன் தேவை?"
- உங்கள் ஊரின் தெருப் படம், கையால் வரைந்தது

*பேசுவது:* முதல் பக்கத்தை வீட்டில் ஆச்சிக்கோ, ஐந்தாம் வகுப்போடு நின்ற அத்தைக்கோ சொல்லிக் காட்டிவிட்டு வாருங்கள். அவர்கள் எந்த இடத்தில் குறுக்கிட்டுக் கேட்டார்களோ, அந்த இடத்தைச் சிவப்பு மையில் வட்டமிட்டுக் கொண்டு வாருங்கள்.