ஆகஸ்ட் 23 சிறப்புரை அழைப்பு: வர இயலாமையும் மாற்று ஏற்பாடும்

மதிப்பிற்குரிய செயலாளர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நூலகர் சங்கத்தின் ஆண்டுக் கூட்டத்தில், ஆகஸ்ட் 23 சனிக்கிழமை முற்பகல், நீரில் நனைந்த நூல்களைக் காப்பாற்றும் முறைகள் பற்றி முக்கால் மணி நேரம் உரையாற்றுமாறு கேட்டுத் தாங்கள் எழுதிய கடிதம் கிடைத்தது. என்னை நினைவில் வைத்து அழைத்ததற்கு நன்றி. ஆனால் அன்று என்னால் வர இயலாது. தாங்கள் வேறு ஏற்பாடு செய்துகொள்ளப் போதிய அவகாசம் வேண்டுமென்பதால் உடனே தெரிவித்துவிடுகிறேன்.

காரணம் பணிச்சுமைதான். எங்கள் நூலகத்தின் கீழ்த்தளத்தில் குழாய் உடைந்து நனைந்துபோன நூல்களை அப்போதே குளிர்க்கிடங்கில் உறைய வைத்துவிட்டோம். இப்போது அவற்றைத் தொகுதி தொகுதியாக வெளியே எடுத்து உலர்த்திக்கொண்டிருக்கிறோம். உறைந்திருக்கும் வரை நூல் காத்திருக்கும், வெளியே எடுத்துவிட்டால் காத்திருக்காது என்பது தங்களுக்குத் தெரியாததல்ல. ஒரு தொகுதியை எடுத்த நாளிலிருந்து அது முழுவதும் உலரும்வரை, விடுமுறை நாள்களிலும் யாராவது ஒருவர் தாள்களைப் பிரித்து, உறிஞ்சுதாளை மாற்றி, பூஞ்சை தென்படுகிறதா என்று பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். கிடங்கைச் செப்டம்பர் இறுதிக்குள் ஒப்படைக்க வேண்டியிருப்பதால் இடையில் ஒரு வாரம் நிறுத்திவைக்கவும் வழியில்லை. இந்தப் பிரிவில் நாங்கள் மூன்று பேர் மட்டுமே இருக்கிறோம்.

காணொளி வழியாகவாவது பேசலாமே என்று தாங்கள் கேட்கக்கூடும். பயண நேரம் மிச்சமாகும் என்பது உண்மை. ஆனால் ஓர் உரைக்குப் பெரும்பகுதி நேரம் அதற்கான தயாரிப்பில்தான் செலவாகிறது. அரைகுறையாகத் தயாரித்து வந்து, ஏற்கெனவே துறையில் இருப்பவர்கள் முன் பொதுவான நான்கு செய்திகளைச் சொல்லிவிட்டுப் போவதில் எனக்கு விருப்பமில்லை.

அதற்குப் பதிலாக ஒன்றை முன்வைக்கிறேன். உரைக்கு ஒதுக்கிய நேரத்தை இரண்டு மணி நேரமாக நீட்டி, அதை ஒரு செய்முறைப் பயிற்சியாக நடத்தலாம். வெளிப்படையாகச் சொன்னால், நான் வந்து பேசுவதைவிட இது தங்கள் உறுப்பினர்களுக்குக் கூடுதலாகப் பயன்படும் என்றே நினைக்கிறேன். நனைந்த நூல் கையில் எவ்வளவு கனக்கும், அட்டையைப் பிடித்துத் தூக்கினால் என்ன ஆகும் என்பதை எந்தப் படக்காட்சியும் கற்றுக்கொடுத்துவிடாது.

நடத்தும் முறை எளிது. இருப்பிலிருந்து நீக்கப்பட்ட பழைய நூல்களில், சாதாரணத் தாளில் அச்சானவை, ஆர்ட் பேப்பரில் படங்களோடு அச்சானவை என இரு வகையிலும் முப்பது பிரதிகள் எடுத்துக்கொண்டு, முதல் நாள் மாலையே நீரில் ஊற வைத்துவிட வேண்டும். மறுநாள் ஐந்தைந்து பேர் கொண்ட குழுக்களிடம் அவற்றைத் தந்து, எதை உறைய வைப்பது, எதை அங்கேயே உலர்த்துவது, எதைக் கைவிடுவது என்று அவர்களையே பிரிக்கச் சொல்லலாம். பெரும்பாலானோர் தடுமாறும் இடம் இதுதான். சாதாரணத் தாள் நூலை நிறுத்தி வைத்து, பக்கங்களை இலேசாக விரித்து, இடையிடையே உறிஞ்சுதாள் செருகி, அறையில் காற்று ஓடவிட்டால் உலர்த்திவிட முடியும். வழவழப்பான ஆர்ட் பேப்பர் அப்படியல்ல; பக்கங்கள் ஒன்றோடொன்று ஒட்டிய நிலையில் ஒருமுறை காய்ந்துவிட்டால் பிறகு பிரிப்பது ஏறக்குறைய இயலாது. ஆகவே அவசர நேரத்தில் உறைபெட்டிக்கு முதலில் போக வேண்டியவை அவையே. இந்த முடிவைக் கையில் ஈரத்தோடு ஒருமுறை எடுத்துப் பார்த்தவர்கள், உண்மையான விபத்தின்போது யாரையும் தேடிக்கொண்டிருக்க மாட்டார்கள். ஈரமான தாளில் பூஞ்சை பிடிக்க இரண்டு நாள் போதும் என்பதால், நிபுணர் வரட்டும் என்று காத்திருப்பதே பல இடங்களில் இழப்பைப் பெரிதாக்குகிறது.

பயிற்சியை வழிநடத்த ஒருவரிடம் பேசி ஒப்புதலும் பெற்றிருக்கிறேன். எங்கள் பிரிவில் பல ஆண்டுகள் பணியாற்றிவிட்டு இப்போது ஓர் ஆவணக் காப்பகத்தில் மூத்த பேணுநராக இருக்கும் அம்மையார் அவர். புகைப்படங்களையும் மை கரைந்த கையெழுத்துச் சுவடிகளையும் கையாள்வதில் என்னைவிடத் தேர்ந்தவர். தாங்கள் என்னை அழைக்காமல் நேரே அவரை அழைத்திருந்தாலும் சரியாகவே இருந்திருக்கும். ஆகஸ்ட் 23 அன்று அவருக்கு வேறு பணி இல்லை. வரும் திங்கட்கிழமை காலை அவரே தங்கள் அலுவலகத்துக்குத் தொலைபேசியில் பேசுவார். அதற்குள் தாங்கள் வேறு யாரையாவது முடிவு செய்திருந்தால் தயங்காமல் எனக்கு ஒரு வரி எழுதிவிடுங்கள். அவரிடம் நானே சொல்லிக்கொள்கிறேன்.

என் பங்காக, பயிற்சியில் வழங்குவதற்கு நான்கு பக்கக் குறிப்பு ஒன்றை ஜூலை 25-க்குள் அனுப்பிவைக்கிறேன். எங்கள் பணியாளர்களுக்காக முன்பே எழுதிப் பயன்படுத்திவருவதைச் சற்றுத் திருத்தினால் போதும் என்பதால் இதற்கு எனக்கு அதிக நேரம் பிடிக்காது. முதல் ஒரு மணி நேரத்தில் செய்ய வேண்டியவை, வாங்கி இருப்பில் வைக்க வேண்டிய பொருள்கள், செய்யவே கூடாதவை ஆகியன அதில் இருக்கும். கடைசியாகச் சொன்னதைத்தான் சற்று விரிவாக எழுதியிருக்கிறேன்: நனைந்த நூலை வெயிலில் வைப்பது, நீரைப் பிழிய அழுத்துவது, சேற்றை உலர்ந்த துணியால் தேய்ப்பது என நல்லெண்ணத்தோடு செய்யப்படும் கேடுகள் ஏராளம். இந்தக் குறிப்பைத் தங்கள் சங்கம் எத்தனை பிரதி வேண்டுமானாலும் எடுத்து வழங்கலாம். என் அனுமதி தனியே தேவையில்லை.

தாங்கள் கடிதத்தில் கேட்டிருந்த வரலாற்றுப் பின்னணிக்கு அம்மையார் தொடக்கத்தில் பத்து நிமிடம் ஒதுக்கினால் போதுமானது. 1966 நவம்பர் 4 அன்று ஆர்னோ ஆறு பெருகி ஃபுளோரன்ஸ் நகரின் தேசிய நூலகத்துக்குள் சேறும் எண்ணெயும் கலந்த வெள்ளம் புகுந்ததையும், பல நாடுகளிலிருந்து வந்த நூல் பேணுநர்களும் இளைஞர்களும் அங்கே சேர்ந்து உழைத்ததிலிருந்து இன்றைய பேணல் முறைகளில் பல உருவானதையும் சொன்னால், பயிற்சியில் செய்யப்போவதன் பின்னணி விளங்கிவிடும். மற்றவற்றை விட்டுவிடலாம் என்பது என் கருத்து.

பயிற்சிக்குப் பிறகு உறுப்பினர்களுக்கு ஐயங்கள் எழுந்தால், அவற்றைத் தாங்கள் ஒன்றாகத் திரட்டி ஆகஸ்ட் 30-க்குள் அனுப்பினால், அக்டோபர் முதல் வாரத்தில் எழுத்து வடிவில் விடையளிக்கிறேன். தனித்தனியே வரும் கடிதங்களுக்கு இப்போது என்னால் மறுமொழி எழுத முடியாது என்பதால்தான் திரட்டித் தருமாறு கேட்கிறேன்.

அரங்கைப் பற்றி ஒரு சொல். தரைவிரிப்பு போட்ட அறை இதற்கு ஆகாது. தண்ணீர் சிந்தினாலும் துடைத்துவிடக்கூடிய தரையும், நீளமான மேசைகளும், அருகிலேயே ஒரு குழாயும் இருக்கும் இடமாகப் பார்த்துக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
முதுநிலை நூல் பேணுநர்,
நூல் பேணல் பிரிவு