தலைமையாசிரியரின் கையெழுத்து

நேரத்துக்கு முன்பே மணியடித்துவிட, தொங்கிக்கொண்டிருந்த தண்டவாளத் துண்டை நோக்கிக் கை ஓங்கினான் ஒன்பதாம் வகுப்பு முத்து. ஓடிவந்து அந்தக் கையைப் பிடித்தார் தலைமையாசிரியர் சுந்தரேசன். மின்னல் வெட்டியது. கண் விழித்தபோது முத்துவுக்கு மூட்டு வலித்தது. சுந்தரேசனின் சட்டைப்பையில் தீப்பெட்டி ஒன்று இருந்தது. அதற்குள் பொன்வண்டு பிறாண்டியது. இருவரும் உடல் மாறியிருந்தார்கள்.

மறுநாள் காலை டவுன் பஸ் முத்துவின் ஊரில் நிற்கவே இல்லை. அடுத்ததில் படிக்கட்டில் தொங்கி, சுந்தரேசன் பள்ளிக்கு வந்து சேர்ந்தபோது மணி 9.20. கதவு சாத்தியிருந்தது.

"நான் தலைமையாசிரியர், கதவைத் திற!"

"அப்படியானால் நான் கல்வி அமைச்சர். போடா, முட்டி போடு" என்றார் உடற்கல்வி ஆசிரியர்.

தாமதமாக வருபவன் முதல் பாடவேளை முழுதும் சரளைக்கல்லில் முட்டி போட வேண்டும் என்ற விதியை எழுதியவர் சுந்தரேசனேதான்.

உள்ளே முத்து ராஜாங்கம் நடத்தினான். கணக்கு வகுப்பெல்லாம் விளையாட்டு வகுப்பாயிற்று. நீட்டிய தாளிலெல்லாம் வால் நீண்ட கையெழுத்தைப் போட்டுத் தள்ளினான். அவற்றுள் ஒன்று, பெற்றோர் ஆசிரியர் கழகச் சம்பளத்தில் வேலை பார்க்கும் கணக்கு ஆசிரியைக்கான காசோலை.

மூன்றாம் நாள் அது வங்கியிலிருந்து திரும்பி வந்தது: கையெழுத்து மாறுபடுகிறது.

"ஐயா, வாடகைக்கு இன்று கடைசி நாள் என்று வீட்டு உரிமையாளர் சொல்லிவிட்டார்." ஆசிரியையின் குரல் உடைந்தது. அவரைப் போலப் பேசிக்காட்டியே வகுப்பைச் சிரிக்க வைப்பவன் முத்து. அன்று அவனுக்கு வாய் வரவில்லை.

புளியமரத்தடிக்கு ஓடினான். "ஐயா, உங்கள் கையெழுத்தைச் சொல்லிக்கொடுங்கள்."

"நூறு முறை எழுது."

மாணவன் கையைக் கட்டிக்கொண்டு மேற்பார்வை பார்க்க, தலைமையாசிரியர் தரையில் உட்கார்ந்து இம்போசிஷன் எழுதியதைக் கண்ட உடற்கல்வி ஆசிரியர் விசிலை விழுங்கப் பார்த்தார்.

புதுக் காசோலை மாறுவதற்குள் ஆசிரியை வீட்டைக் காலி செய்து, தனியார் பள்ளி ஒன்றில் சேர்ந்துவிட்டார். அடுத்த இடி அன்று இரவே வந்தது. தண்டவாளத்தைப் பிடித்தபடி நனைந்து நின்ற இருவரும் அவரவர் உடலுக்குத் திரும்பினார்கள். கணக்கு ஆசிரியை திரும்பவில்லை. ஆண்டுத் தேர்வுக்கு இரண்டே மாதம் இருந்தது.

முட்டி போடும் விதியை சுந்தரேசன் மறுநாளே கிழித்துப் போட்டார். இந்த முழுக் கதையில் எனக்கு மிகவும் பிடித்த காரியம் அதுதான். பஸ் நிற்க வேண்டும் என்று போக்குவரத்துப் பணிமனைக்கு மனுவும் எழுதினார்.

சனிக்கிழமை இருவரும் ஆசிரியையின் புது வீட்டுக்குப் போனார்கள். நடந்ததைச் சொன்னால் யார் நம்புவார்? "தவறு எங்கள் இருவருடையது அம்மா" என்று மட்டும் சொன்னார் சுந்தரேசன்.

"வேலையை விட முடியாது ஐயா. ஞாயிற்றுக்கிழமைகளில் வேண்டுமானால் வருகிறேன். பணத்தைக் கையில் கொடுத்துவிடுங்கள், காசோலை வேண்டாம்."

"முதல் வகுப்புக்கு நானே நேரத்துக்கு வந்து மணியடிக்கிறேன், டீச்சர்" என்றான் முத்து.

"மணிப் பக்கமே போகாதே!" என்று அலறினார் சுந்தரேசன்.